தண்ணீரால் இறுகும், தண்ணீரால் கெடும்: பல் அடைக்கும் கண்ணாடி சிமென்ட்

கண்ணாடித் தட்டின் மேல் ஒரு கரண்டி வெள்ளைத் தூள். பக்கத்தில் தேன் பதத்தில் ஒரு சொட்டுத் திரவம். இரண்டையும் அரை நிமிடத்துக்குள் குழைத்தால் ஈரப் பளபளப்புள்ள களிம்பு கிடைக்கும். அந்தப் பளபளப்பு இருக்கும்வரைதான் அதைப் பல்லில் வைக்க முடியும். மங்கிவிட்டால், களிம்பு எவ்வளவு மிருதுவாகத் தெரிந்தாலும் துடைத்து எறிந்துவிட்டு வேறு கலக்க வேண்டும். பல் மருத்துவர்கள் ‘கிளாஸ் அயனோமர்’ என்றும் சுருக்கமாக ஜி.ஐ.சி. என்றும் சொல்லும் பல் சிமென்ட் இது. ‘பல்லுக்கு சிமென்ட் வைத்தார்கள்’ என்று நோயாளிகள் சொல்லும்போது பெரும்பாலும் குறிப்பிடுவது இதைத்தான். எந்தப் பல்லில் இது பல ஆண்டுகள் நிற்கும், எதில் ஆறு மாதத்தில் உடையும் என்பதற்கான விடை, குழைத்த முதல் பத்து நிமிடங்களில் அந்தக் களிம்புக்குள் நடப்பதில் இருக்கிறது.

வீடு கட்டும் சிமென்டுக்கும் இதற்கும் பெயரில் மட்டுமே உறவு. கட்டடச் சிமென்ட் தண்ணீரோடு வினைபுரிந்து இறுகுகிறது. பல் சிமென்டுகளில் பெரும்பாலானவை அமிலமும் காரமும் சேர்வதால் இறுகுகின்றன. திரவம் அமிலம், தூள் காரம். அமிலம் தூள் துகள்களின் மேற்பரப்பை மட்டும் அரித்துக் கரைக்கும். கரைந்து வந்த உலோக அயனிகளோடு சேர்ந்து புதிய உப்பாகும். அந்த உப்பு கரையாமல் முழுத் துகள்களைச் சுற்றிப் படிந்து இறுகும். ஆகவே இறுகிய சிமென்டை உருப்பெருக்கியில் பார்த்தால் முழுவதும் ஒரே பொருளாக இருக்காது. கரையாமல் மிஞ்சிய துகள்கள் ஜல்லியாகவும், அவற்றைப் பிடித்துவைத்திருக்கும் உப்பு காரையாகவும் தெரியும். தூள் அதிகமானால் ஜல்லி கூடும், வலிமையும் கூடும். திரவம் அதிகமானால் குழைப்பது எளிதாகும். ஆனால் இறுகிய பொருள் பலவீனமாகவும் எளிதில் கரைவதாகவும் இருக்கும். அவசரத்தில் கூடுதலாக ஒரு சொட்டு விட்டுக்கொள்வது இந்தத் துறையில் மிகச் சாதாரணமாக நடக்கும் தவறு. அதன் விளைவு அன்று தெரியாது.

இந்தக் குடும்பத்தில் மூத்தவர்கள் பலர் உண்டு. துத்தநாக ஆக்சைடு தூளைக் கிராம்பு எண்ணெயின் முக்கியப் பொருளான யூஜெனாலில் குழைத்தால் கிடைப்பது ஒன்று. பல் வலிக்குக் கிராம்பு வைக்கும் வழக்கம் உள்ளவர்களுக்கு, மருத்துவர் வைத்த தற்காலிக அடைப்பில் அதே வாசனை ஏன் வருகிறது என்பது இதனால் புரியும். வலியை அடக்குவதில் இது கெட்டிக்காரன்; கடிபாரம் தாங்குவதில் பலவீனன். துத்தநாக ஆக்சைடை பாஸ்பாரிக் அமிலத்தில் குழைத்தால் கிரீடம் ஒட்டும் பழைய சிமென்ட் கிடைக்கும். அது இறுகும்போது சூடு வெளிவரும். அதனால்தான் குளிர்ந்த தடித்த கண்ணாடித் தட்டில், தூளைச் சிறுசிறு பங்காகச் சேர்த்து, அகலமாகப் பரப்பி ஒன்றரை நிமிடம் வரை குழைக்கச் சொல்வார்கள். இவை இரண்டும் பல்லோடு வேதிப் பிணைப்பு கொள்வதில்லை. இடுக்கில் புகுந்து இறுகி, அந்த வடிவத்தால் மட்டுமே நிற்கும்.

கண்ணாடி சிமென்ட் பிறந்தது இரண்டு பழைய சிமென்டுகளின் குறைகளிலிருந்து. இருபதாம் நூற்றாண்டின் முதல் பாதியில் முன்பற்களை அடைக்கப் பயன்பட்டது சிலிக்கேட் சிமென்ட். புளூரைடு கலந்த கண்ணாடித் தூளும் பாஸ்பாரிக் அமிலமும் அதன் கூறுகள். நிறம் பல்லைப் போலிருந்தாலும், வாயில் மெல்லக் கரைந்துவிடும். ஆனால் ஒரு விஷயம் பல் மருத்துவர்கள் கண்ணில் பட்டது. கரைந்துபோன அந்த அடைப்பைச் சுற்றிப் புதிய சொத்தை அபூர்வமாகவே வந்தது. கண்ணாடியிலிருந்து கசிந்த புளூரைடு காப்பாற்றியது. மறுபக்கம், 1968-ல் டென்னிஸ் ஸ்மித் பாஸ்பாரிக் அமிலத்துக்குப் பதிலாகப் பாலிஅக்ரிலிக் அமிலத்தைப் பயன்படுத்தி, பல்லோடு வேதியியல் முறையில் ஒட்டும் முதல் சிமென்டைத் தந்தார். ஆனால் அது துத்தநாகச் சிமென்ட் என்பதால் ஒளிபுகாத வெண்மையாக இருந்தது. லண்டனில் அரசு வேதியியலாளர் ஆய்வகத்தில் பணியாற்றிய ஆலன் வில்சனும் பிரையன் கென்ட்டும் இரண்டின் நல்ல பாதிகளை இணைத்தார்கள்: சிலிக்கேட்டின் கண்ணாடித் தூள், ஸ்மித்தின் அமிலம். 1972-ல் பிரிட்டிஷ் பல் மருத்துவ இதழில் அவர்களின் கட்டுரை வந்தது.

முதலில் வந்த கலவை சோம்பேறி. வாயில் இறுக நீண்ட நேரம் எடுத்துக்கொண்டது. அந்தக் குறையைத் தீர்த்தது டார்டாரிக் அமிலம், அதாவது புளிக்குப் புளிப்பைத் தரும் அதே அமிலம். அது கண்ணாடியிலிருந்து வெளிவரும் அலுமினிய அயனிகளைச் சிறிது நேரம் தன்னிடமே பிடித்து வைத்திருந்து, பிறகு விடுவிக்கிறது. அதனால் குழைக்கும் நேரத்தில் களிம்பு இளக்கமாக இருந்து, பின்பு சட்டென்று இறுகுகிறது. இன்றும் திரவப் புட்டியில் சில சதவீதம் அது இருக்கிறது.

இனி, அந்தத் திரவம் தூள்மேல் பட்டதும் நடப்பதைப் பார்ப்போம். பாலிஅக்ரிலிக் அமிலம் நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறு. சங்கிலி நெடுக அமிலக் கிளைகள் தொங்கும். தண்ணீர் இருந்தால்தான் அந்தக் கிளைகள் ஹைட்ரஜன் அயனிகளை விடும். அவை கண்ணாடித் துகளின் மேற்பரப்பைத் தாக்க, கால்சியம் (சில கலவைகளில் ஸ்ட்ரான்ஷியம்), அலுமினியம், சோடியம், புளூரைடு எல்லாம் வெளியேறும். துகளின் விளிம்பில் மிஞ்சுவது சிலிக்கா கூழ். வெளிவந்த கால்சியம் முதலில் சங்கிலிகளை ஒன்றோடொன்று முடிச்சுப் போடும். இரண்டு சங்கிலிகளுக்கிடையே பாலமாவதற்கு அதற்கு அதிக நேரம் தேவையில்லை. நாலைந்து நிமிடத்தில் களிம்பு இறுகிவிட்டது போல் தோன்றுவது இதனால்தான். அலுமினியம் மெதுவாகவே வரும். அதன் முடிச்சு வலுவானது, ஒரே அயனி கூடுதல் சங்கிலிகளைப் பிணைக்கும். அந்த வேலை பல மணி நேரம் நடந்து, ஒரு நாள் கழிந்த பின்னும் தொடர்கிறது. ஆக, நோயாளி நாற்காலியிலிருந்து எழும்போது பல்லிலிருக்கும் சிமென்ட் பாதி வழியில்தான் இருக்கிறது.

இந்த இடைவெளியில்தான் தண்ணீர் இரண்டு விதமாகப் பகையாகிறது. முதல் சில நிமிடங்களில் எச்சில் பட்டால், இன்னும் முடிச்சுப் போடப்படாத கால்சியமும் அலுமினியமும் கழுவிக்கொண்டு போய்விடும். அவை போன இடத்தில் மேற்பரப்பு சுண்ணாம்பு பூசினதுபோல் மங்கி, நகத்தால் கீறினாலே உதிரும். மறுபுறம், அதிகக் காற்றில் உலரவிட்டாலும் ஆபத்துதான். வினைக்குத் தேவையான தண்ணீர் ஆவியாகி, சிமென்ட் சுருங்கி, மேலே மெல்லிய விரிசல்கள் ஓடும். தூர்வாரிய கண்மாயின் அடியில் வெயிலில் வெடித்த சேற்றைக் கற்பனை செய்துகொள்ளலாம், அளவு மட்டும் பல்லாயிரம் மடங்கு சிறியது. அதனால்தான் அடைத்த உடனே மேலே வார்னிஷ் அல்லது பிசின் பூச்சு ஒன்றைத் தடவுகிறார்கள். வெளியிலிருந்து தண்ணீர் உள்ளே வரக்கூடாது, உள்ளே இருப்பது வெளியே போகவும் கூடாது. சில மருத்துவமனைகளில் வாசலின் பூசி விட்டுவிடுவார்கள்; அது ஒரு வேளைச் சாப்பாடு வரைக்கும் தாங்கும், அதற்கு மேல் இல்லை.

சூடு இதைத் துரிதப்படுத்தும். தயாரிப்பாளர்கள் சொல்லும் வேலை நேரம், பெரும்பாலும் இரண்டு நிமிடத்தை ஒட்டியது, 23 டிகிரி வெப்பநிலையில் அளக்கப்பட்டது. குளிர்சாதனம் இல்லாத அறையில், சித்திரை வெயிலில், 35 டிகிரியில் குழைத்தால் அதில் நல்ல பங்கு காணாமல் போய்விடும். குளிர்ந்த தட்டு உதவும். ஆனால் வெளிக்காற்றின் ஈரம் பனித்துளியாகப் படியும் அளவுக்குக் குளிரவைத்தால், அந்தத் துளிகளே கலவைக்குக் கூடுதல் தண்ணீராகிவிடும். திரவத்தைத் தட்டில் விட்டு வைத்துக் காத்திருப்பதும் தவறு. அதிலிருக்கும் தண்ணீர் ஆவியாகி, அது கெட்டியாகிவிடும். புட்டியை நேர் குத்தாகத் தலைகீழாய்ப் பிடித்து, குமிழி மேலே போன பிறகே சொட்டு விட வேண்டும். குமிழி கலந்த சொட்டு பார்ப்பதற்குச் சரியான அளவாகத்தான் இருக்கும், ஆனால் திரவம் குறைவு. அடைப்புக்கான தூளும் திரவமும் எடையில் ஏறக்குறைய மூன்றுக்கு ஒன்று. கிரீடம் ஒட்டும் வகையில் தூள் அதைவிடக் குறைவாக இருக்கும். மெல்லியதாகப் படர வேண்டும் என்பதால் அப்படி.

பல்லோடு ஒட்டுவது எப்படி என்பதும் இதே வினையின் நீட்சிதான். பல்லின் எனாமலிலும் டென்டினிலும் கால்சியம் பாஸ்பேட் இருக்கிறது. சிமென்டின் அமிலக் கிளைகள், கண்ணாடியின் கால்சியத்தைப் பிடிப்பதைப் போலவே பல்லின் கால்சியத்தையும் பிடிக்கும். இதற்குத் தனியாகப் பசை தேவையில்லை. பிணைப்பின் வலிமையை எண்ணில் சொன்னால் சில மெகாபாஸ்கல்தான். பிசின் அடைப்புகளின் பசைகள் தரும் எண்ணிக்கையோடு ஒப்பிட்டால் இது ஏளனமாகத் தெரியும். ஆனால் அந்த எண் ஏமாற்றுகிறது. சோதனையில் இழுக்கும்போது முறிவது பெரும்பாலும் பல்லோடுள்ள ஒட்டு அல்ல, சிமென்டின் உடம்பு. உடைந்த பின்னும் பல்லின்மேல் மெல்லிய சிமென்ட் படலம் ஒட்டியிருக்கும். ஆகவே அடைப்பு விழுந்த இடம் உடனே திறந்த புண்ணாகிவிடுவதில்லை.

இன்னொரு அனுகூலம் வெப்பத்தில் வெளிப்படுகிறது. காபி குடித்தபின் குளிர்ந்த நீர் குடித்தால் பல்லும் அடைப்பும் விரிந்து சுருங்கும். கண்ணாடி சிமென்ட் விரிவது ஏறக்குறைய பல்லின் அளவுதான். வெள்ளி அடைப்பு எனப்படும் அமல்கம் எனாமலைவிட இரண்டு மடங்குக்கு மேல் விரியும். நிறமுள்ள பிசின் அடைப்புகளில் சில இன்னும் அதிகமாக விரியும். பல்லும் அடைப்பும் வெவ்வேறு அளவில் விரிந்தால் விளிம்பில் ஒரு சந்து திறந்து மூடும். அந்தச் சந்தில்தான் எச்சிலும் கிருமியும் உள்ளே போகும்.

இத்தனை நற்குணங்கள் உள்ள ஒரு பொருளை எல்லாப் பல்லிலும் வைக்காததற்குக் காரணம் அதன் உடையும் தன்மை. நேராக அழுத்தினால் தாங்கும். பன்னாட்டுத் தர விதி கேட்பது குறைந்தபட்சம் 100 மெகாபாஸ்கல், நல்ல கலவைகள் அதைத் தாண்டிப் போகின்றன. ஆனால் வளைத்தால் அல்லது இழுத்தால் அதில் ஒரு சிறு பங்குதான் தாங்கும். கல்லும் மண்பானையும் இப்படித்தான்: மேலே நின்றால் தாங்கும், ஓரத்தில் வைத்துத் தட்டினால் போய்விடும். கடைவாய்ப்பல்லின் விளிம்பில் மேல்பல் வந்து இறங்கும்போது, நடப்பது இரண்டாவது. மேலும் இது தேயும். கண்ணாடித் துகள்கள் கழன்று கழன்று மேற்பரப்பு சொரசொரப்பாகி, பளபளப்பை இழக்கும்.

இந்தப் பின்னணியில் ஒரு பல்லைப் பார்ப்போம். 62 வயதுக்காரர் ஒருவர். இடப்பக்கக் கீழ்த்தாடையில் முதல் முன்கடைவாய்ப்பல். குளிர்ந்த நீர் பட்டால் கூசுகிறது. ஈறுக்குச் சற்று மேலே, கன்னத்தைப் பார்த்த பக்கத்தில், கோடாரியால் வெட்டினது போல் ஆப்பு வடிவப் பள்ளம், ஆழம் ஏறக்குறைய 2 மில்லிமீட்டர். மேல் விளிம்பு எனாமலில் இருக்கிறது. கீழ் விளிம்பு வேரின் டென்டினில், ஈறைத் தொட்டுக்கொண்டு இருக்கிறது. சொத்தை இல்லை. கடினமான தூரிகையால் பக்கவாட்டில் அழுத்தித் தேய்த்ததும், புளிப்பான பானங்களும் சேர்ந்து உருவாக்கியது. இந்தப் பள்ளங்களில் சொத்தை அரித்த மிருதுவான டென்டின் இல்லை. இருப்பது தேய்த்துத் தேய்த்துப் பளிங்காகிவிட்ட, கண்ணாடி போன்ற டென்டின். இதில் எந்தப் பசையும் எளிதில் பிடிக்காது.

இந்தப் பல்லுக்குக் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. கடிபாரம் நேராகப் படுமா? இல்லை, பக்கவாட்டில்தான் இருக்கிறது. பல் வளையும்போது மட்டும் கழுத்தில் இழுவிசை ஏற்படும். அடைப்பின் விளிம்பு எதில் நிற்கிறது? பாதி எனாமல், பாதி டென்டின். வேலை முடியும்வரை உலர்வாக வைக்க முடியுமா? ஈறு வீங்கி இரத்தம் கசிந்தால் முடியாது. இவற்றுக்கு ஒவ்வொரு பொருளும் தரும் பதிலை ஒப்பிட்டால் முடிவு தானாகவே வரும்.

பிசின் அடைப்பு, அதாவது கம்பாஸிட், முதலில் நினைவுக்கு வரும். ரஃபேல் போவன் 1962-ல் காப்புரிமை பெற்ற பிசினிலிருந்து வளர்ந்தது அது; அதன் ஒட்டுமுறைக்கு 1955-ல் மைக்கேல் புவனகோர் எனாமலை அமிலத்தால் சொரசொரப்பாக்கிக் காட்டியதே அடித்தளம். இன்றும் 37 சதவீதப் பாஸ்பாரிக் அமிலத்தை எனாமலில் 15 நொடி விட்டு, கழுவி, பசை தடவி, பிசினை 2 மில்லிமீட்டர் அடுக்குகளாக வைத்து நீல ஒளியில் இறுக்குகிறார்கள். ஒளி இறுக்கியதும் பிசின் கன அளவில் இரண்டு மூன்று சதவீதம் சுருங்கும். சுருங்கும் பொருள் ஒட்டு பலமான பக்கம் பிடித்துக்கொண்டு, பலவீனமான பக்கம் விலகும். இந்தப் பல்லில் பலமான பக்கம் மேல் விளிம்பின் எனாமல். பலவீனமான பக்கம் ஈறுக்குப் பக்கத்திலிருக்கும் பளிங்கு டென்டின். ஒரு துளி எச்சில் அங்கே பட்டிருந்தால் கதை முடிந்தது. பார்வைக்கு அழகான அடைப்பு, கீழ் விளிம்பில் பழுப்புக் கோடு விழுந்து, சில ஆண்டுகளில் ஒரு நாள் சாப்பாட்டில் கலந்துவிடும். அமல்கமும் உதவாது. அது பல்லோடு ஒட்டாது என்பதால், நிற்பதற்காக நல்ல பல்லை உட்புறம் வெட்டி ‘பெட்டி’ அமைக்க வேண்டியிருக்கும், நிறமும் பொருந்தாது.

எனவே கண்ணாடி சிமென்ட். மருத்துவ ஆய்வுகளிலும் இந்தக் கழுத்துப் பள்ளங்களில் அதிக ஆண்டுகள் ஒட்டி நிற்பது இதுதான் என்றே தொடர்ந்து தெரியவருகிறது. வேலை அடைப்பதற்கு முன்பே தொடங்குகிறது. ஒரு வாரத்துக்கு முன் பல் சுத்தம் செய்து, ஈறு ஆறக் காலம் கொடுக்க வேண்டும். தொட்டால் இரத்தம் வரும் ஈறின் பக்கத்தில் எந்தச் சிமென்டும் சரியாக அமராது. அன்றே முடித்துவிடலாம் என்ற ஆசைதான் பல தோல்விகளின் தொடக்கம். அடைக்கும் நாளில், பல்லின் நிறத்தை ஈரமாக இருக்கும்போதே பார்த்து வைக்க வேண்டும். உலர்ந்த பல் வெளுத்துக் காட்டும். பிறகு எண்ணெய் இல்லாத பியூமிஸ் தூளைத் தண்ணீரில் குழைத்துத் தேய்க்கிறார்கள். கன்னத்தின் பக்கம் பஞ்சு, உறிஞ்சும் குழாய், ஈறின் விளிம்பை விலக்க மெல்லிய நூல்.

அடுத்து, பத்து சதவீதப் பாலிஅக்ரிலிக் அமிலம் 20 நொடி. இது பல்லை அரிக்க அல்ல, வேலையில் படிந்த மெல்லிய அழுக்குப் படலத்தை நீக்கவும், ஒட்டுவதற்கு வழி திறக்கவும். கழுவியபின் காற்றால் விரட்டி உலர்த்தக் கூடாது. பஞ்சால் ஒற்றி எடுத்தால் டென்டின் மெலிதாகப் பளபளக்க வேண்டும். அந்த ஈரம்தான் சிமென்டுக்குப் பிடிக்கும் ஈரம். கலவையை உடனே பள்ளத்தில் வைத்து, வளைந்த தகட்டை அழுத்திப் பிடித்து, தொடாமல் காத்திருக்க வேண்டும். இங்கே பொறுமை இழப்பவர்கள் ஒரு முனையைச் சரிசெய்யப் போய், உள்ளே போட்ட முடிச்சுகளையே இழுத்துக் கிழித்துவிடுகிறார்கள். இறுகிய பின் மிகுந்ததைக் கூரிய கத்தியால் வெட்டி, மேலே பூச்சுத் தடவி, அன்று கடினமானதை அந்தப் பக்கம் கடிக்க வேண்டாம் என்று சொல்லி அனுப்பலாம். மெருகேற்றுவதை மறுநாளைக்கு விடுவது நல்லது, அதையும் ஈரத்தோடு செய்ய வேண்டும். காரணம், அலுமினியத்தின் வேலையில் பெரும்பகுதி அப்போதுதான் முடிகிறது.

வேலை சரியாக நடந்ததா என்பதை அடுத்த முறை கண்ணாலேயே அறியலாம். மேற்பரப்பு சுண்ணாம்பு மங்கலாக, கொக்கி முனையால் தொட்டால் உதிர்ந்தால், எச்சில் முன்னதாகப் பட்டிருக்கிறது. வலைபோல் மெல்லிய கோடுகள் தெரிந்தால், பூச்சு இல்லாமல் உலர்ந்திருக்கிறது. குத்தினால் மாவாகப் போனால் திரவம் அதிகமாகிவிட்டது. அடைப்பு முழுதாகக் கழன்று, பல்லில் படலமும் மிஞ்சாமல் சுத்தமாக இருந்தால், ஒட்டும் முன் பல் அழுக்காகவோ இரத்தக் கசிவோடோ இருந்திருக்கிறது. தேய்ந்து நிறம் மங்குவது மட்டும் தோல்வியல்ல; பொருளின் இயல்பு அது. காரணமான தூரிகைப் பழக்கம் மாறவில்லையென்றால் எந்தப் பொருளும் அதே தேய்மானத்துக்கு ஆளாகும்.

இதே மனிதரின் மேல் முன்பல்லில் இந்தப் பள்ளம் இருந்து, விளிம்பு முழுவதும் எனாமலில் நின்றிருந்தால், விடை மாறியிருக்கும். அங்கே நிறம் முக்கியம், உலர்த்துவதும் எளிது, கம்பாஸிட் வெல்லும். இரண்டுக்கும் நடுவே ஒரு கலப்பினமும் உண்டு: கண்ணாடி சிமென்டின் திரவத்தில் நீரோடு கலக்கும் பிசின் சேர்த்து, ஒளி காட்டியதும் பாதி இறுகி, மீதி அமில-கார வினையால் முடியும் வகை. எச்சில் பற்றிய அச்சம் இதில் வெகுவாகக் குறையும், நிறமும் சற்று நன்றாக இருக்கும். ஆனால் சிறிது சுருங்கும். தண்ணீரை இழுத்து வீங்கும் குணமும் உண்டு.

பல் மாறினால் கேள்விகளின் எடையும் மாறும். ஏழு வயதுக் குழந்தையின் இரண்டாவது பால் கடைவாய்ப்பல்லில் மேற்பரப்பில் ஒரு சிறிய சொத்தை என்றால், அந்தப் பல் இன்னும் மூன்று நான்கு ஆண்டுதான் வாயில் இருக்கும். அத்தனை ஆண்டு கண்ணாடி சிமென்ட் தாங்கும். பக்கத்தில் புளூரைடு கசிவதும் நல்லது. இந்தக் கசிவு முதல் ஒன்றிரண்டு நாளில் அதிகமாகி, பிறகு மிகவும் குறைந்துவிடும். புளூரைடு பற்பசையால் துலக்கும்போது சிறிதளவு மீண்டும் ஏற்றிக்கொள்ளும். அதைச் சொத்தை வராத உத்தரவாதமாக விற்பது மிகை. குழந்தை வாயைத் திறந்து வைத்திருக்கும் இரண்டு நிமிடத்தில் வேலை முடிவதே உண்மையான லாபம். எண்பதுகளின் நடுவில் தான்சானியாவில் தொடங்கிய, துளையிடும் இயந்திரம் இல்லாமல் கைக்கருவியால் சொத்தையைச் சுரண்டி, கெட்டியான கண்ணாடி சிமென்டை விரலால் அழுத்தி அடைக்கும் முறை இதை நம்பியே நிற்கிறது. ஒரு முகத்தில் மட்டும் இருக்கும் சொத்தையில் அது நன்றாகவே நிற்கிறது. பல்லின் பக்கச் சுவரும் சேர்ந்து போன இடத்தில் அவ்வளவு நன்றாக இல்லை.

பெரியவரின் நிரந்தர முதல் கடைவாய்ப்பல்லில் மேற்பரப்பும் பக்கச் சுவரும் சேர்ந்து சொத்தையாகிவிட்டால், முழுவதும் கண்ணாடி சிமென்டால் அடைப்பது, கல் சுவருக்கு மண் விட்டம் வைப்பது மாதிரி. அங்கே கடிபாரம் நேராக விளிம்பில் இறங்குகிறது. பொருத்தமான வழிகளில் ஒன்று, இரண்டு பொருளையும் அடுக்குவது: ஈறுக்குப் பக்கத்தில் டென்டின் விளிம்பில் கண்ணாடி சிமென்ட், அதன்மேல் கடிக்கும் பகுதிக்குக் கம்பாஸிட். ஒவ்வொன்றும் தனக்குத் தெரிந்த வேலையை மட்டும் செய்கிறது. ஈரம் கட்டுப்படாத ஆழ்ந்த இடத்தில் பழைய அமல்கம் இன்றும் மன்னிக்கும் பொருள். ஆனால் அதில் பாதரசம் இருப்பதால், 2013-ல் உருவான மினமாட்டா ஒப்பந்தத்துக்குப் பிறகு அதன் பயன்பாடு குறைந்துவருகிறது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 தொடக்கத்திலிருந்து விதிவிலக்குகளைத் தவிர நிறுத்தப்பட்டுவிட்டது.

கிராம்பு எண்ணெய்ச் சிமென்டை இடையில் வைத்தவர்கள் ஒரு பொறியில் சிக்குவதுண்டு. வலியைத் தணிக்க அதை வைத்து, அடுத்த வாரம் அதன்மேல் நேராகக் கம்பாஸிட் வைத்தால், யூஜெனால் பிசினின் இறுகும் வினையைத் தடுத்துவிடும். பிசின் முழுமையாக இறுகாமல் ஓரத்தில் மிருதுவாகவே இருக்கும். மேலே பளபளப்பாகத் தெரிந்தாலும் அடியில் பசைபோல். அப்படிப்பட்ட இடத்தில் அதை முழுவதும் சுரண்டி எடுக்க வேண்டும், அல்லது இடையில் கண்ணாடி சிமென்ட் ஓர் அடுக்கு வேண்டும். அதன் இறுகும் வினை கூட்டுச் சங்கிலிகளைக் கோப்பதல்ல, அமிலமும் காரமும் சேர்வது. யூஜெனாலால் அதற்கு அவ்வளவு பாதிப்பில்லை. குழிவு நரம்புக்கு மிகவும் அருகே போய்விட்டால், அந்தப் புள்ளியில் மட்டும் கால்சியம் ஹைட்ராக்சைடு வைத்துவிட்டு மேலே இந்தச் சிமென்டை வைப்பார்கள். அதன் அமில மூலக்கூறு பெரியது என்பதால் டென்டினின் நுண்குழாய்களில் ஆழமாக நுழைவதில்லை, ஆனால் குழிவின் அடித்தளம் அரை மில்லிமீட்டர்கூட மீதமில்லாத இடத்தில் அந்தப் பாதுகாப்பை நம்பக்கூடாது.